குறைந்த செலவில் அனிமேஷன் வேலைக்கு லேப்டாப் அல்லது கிராபிக்ஸ் கார்டு தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள விடைகள் பெரும்பாலும் பிளெண்டரையும் அதன் சைக்கிள்ஸ் ரெண்டரையும் முன்வைத்து எழுதப்பட்டவை. செலவைக் குறைக்க நினைப்பவர்களில் பலர் இலவசமான இந்த மென்பொருளில்தான் வேலை செய்கிறார்கள் என்பதே காரணம். கார்டின் உதவியோடு ரெண்டர் செய்யும் மற்ற மென்பொருள்களுக்கும் நினைவகத்தைப் பற்றிய கணக்கு ஏறத்தாழ இதேதான்.

கையில் இருக்கும் பணம் குறைவு. கார்டில் முதலில் வேகத்தைப் பார்ப்பதா, நினைவகத்தைப் பார்ப்பதா?

நினைவகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய மெதுவான கார்டு இரண்டு நிமிடத்துக்குப் பதிலாக நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும். இரவு முழுவதும் ஓடவிட்டால் காலையில் வேலை முடிந்திருக்கும். நினைவகம் போதாத கார்டோ அந்த ஃபிரேமைத் தொடங்கவே மறுக்கலாம், அல்லது கணினியின் சாதாரண ரேமைக் கடன் வாங்கிக்கொண்டு பல மடங்கு மெதுவாக நகரலாம். வேகக் குறைவைப் பொறுமையால் ஈடுகட்டலாம், நினைவகக் குறைவை அப்படி ஈடுகட்ட முடியாது. போதாக்குறைக்கு, கிராபிக்ஸ் நினைவகத்தைப் பின்னாளில் கூட்டிக்கொள்ள வழியே இல்லை, ஏனென்றால் அது கார்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டு வருகிறது.

விளையாட்டுகளுக்காக எழுதப்படும் கார்டு விமர்சனங்கள் அனிமேஷன்காரர்களை அடிக்கடி தவறான பக்கம் இழுத்துச் செல்வதும் இந்த இடத்தில்தான். விளையாட்டு, தேவையான டெக்ஸ்சர்களைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கிக்கொள்ளும்படி கட்டப்பட்டிருக்கிறது. சைக்கிள்ஸ் போன்ற ரெண்டரோ ஒளிக்கதிர் எந்த மூலையில் பட்டுத் திரும்பும் என்று முன்கூட்டியே அறியாததால், காட்சியில் உள்ள அனைத்தையும் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏற்றிவைக்க முற்படுகிறது. கேமராவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியும் அதன் டெக்ஸ்சரும்கூட உள்ளே இருந்தாக வேண்டும்.

என் காட்சிக்கு எத்தனை ஜிபி வேண்டும் என்பதை வாங்கும் முன்பே கணக்கிட முடியுமா?

ஓரளவு துல்லியமாகவே கணக்கிடலாம், ஏனென்றால் பெரும்பங்கை விழுங்குவது டெக்ஸ்சர்கள், அவற்றின் கணக்கோ எளிது. வட்டில் 3 எம்பி மட்டுமே இருக்கும் ஒரு ஜேபெக் படம் நினைவகத்தில் அதே அளவில் தங்குவதில்லை. முழுவதும் விரிக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட் என்ற கணக்கில் அமர்கிறது. 4096 × 4096 புள்ளிகள் கொண்ட ஒரு 4கே டெக்ஸ்சருக்கு 64 எம்பி ஆகிறது. அதையே 2கே ஆக்கினால் 16 எம்பி, 8கே ஆக்கினால் 256 எம்பி. நீள அகலங்கள் இரட்டிக்கும்போது நினைவகம் நான்கு மடங்காகும் என்ற ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஓர் அறை, அதற்குள் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு கதாபாத்திரங்கள், 30 விநாடி நீளம். ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் முகம், உடல், உடை என்று மூன்று டெக்ஸ்சர் தொகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் நிறம், சொரசொரப்பு, நார்மல், மேடுபள்ளம் என்று நான்கு 4கே படங்கள். ஆக ஒருவருக்கு 12 படங்கள், இருவருக்கு 24 படங்கள். 24ஐ 64ஆல் பெருக்கினால் 1536 எம்பி, அதாவது 1.5 ஜிபி. அறையில் சுவர், தரை, மேசை, திரைச்சீலை என்று 20 பொருள்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் மூன்று 4கே படங்கள் இருப்பதாகவும் கொண்டால் 60 படங்கள், 3840 எம்பி. சன்னலுக்கு வெளியே ஒளி தர 4096 × 2048 அளவுள்ள ஹெச்டிஆர் வானம் ஒன்று; அது புள்ளிக்கு 16 பைட் எடுத்துக்கொள்வதால் 128 எம்பி. டெக்ஸ்சர்கள் மட்டுமே ஏறத்தாழ 5.4 ஜிபி ஆகிவிட்டன.

இதன் மேல் வடிவங்களும், கதிர்கள் அவற்றை விரைவாகத் தேடிப் பிடிப்பதற்காகக் கட்டப்படும் அமைப்பும் சேர்கின்றன. நம் அறைக்கு இவற்றை 1 ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம்; முடி இழைகளோ புல்வெளியோ இருந்தால் இந்தப் பகுதி வேகமாக வீங்கும். ரெண்டரின் நிரலுக்கும், இரைச்சல் நீக்கும் வேலைக்கும், படத்தின் இடைநிலைச் சேமிப்புக்கும் அரை ஜிபி ஒதுக்குவோம். இயங்குதளமும் திரையும் திறந்திருக்கும் பிளெண்டர் சாளரமும் சேர்ந்து இன்னும் அரை ஜிபி முதல் 1 ஜிபி வரை பிடித்துவைத்திருக்கும். கூட்டினால் 7.4 முதல் 7.9 ஜிபி வரை வருகிறது.

இந்தக் காட்சி 12 ஜிபி கார்டில் தாராளமாக அமரும், 8 ஜிபி கார்டில் விளிம்பில் நிற்கும், 6 ஜிபி கார்டில் இப்படியே ஏறாது. உங்களிடம் ஏற்கெனவே ஒரு காட்சி இருந்தால், வாங்கும் முன்பே அதை இரவல் கணினியில் செயலியைக் கொண்டு ரெண்டர் செய்து பாருங்கள். ரெண்டர் சாளரத்தின் மேல் வரியில் `Peak` என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காட்சி எடுத்துக்கொண்ட உச்ச நினைவகம் தெரியும். கார்டில் ரெண்டர் செய்யும்போது இந்த எண் சற்றே மாறும் என்றாலும் திட்டமிட இது போதும்.

நினைவகம் போதவில்லை என்பது எப்படித் தெரியும்? கணினி தொங்கிவிடுமா?

இரண்டு விதமாகத் தெரியலாம். முதலாவது வெளிப்படையானது. ரெண்டர் தொடங்கிய சிறிது நேரத்திலேயே `System is out of GPU memory` என்பது போன்ற செய்தியோடு நின்றுவிடும். இரண்டாவது மறைமுகமானது, அதனாலேயே நாள்களை விழுங்கக்கூடியது. என்விடியா கார்டுகளில் சைக்கிள்ஸ், இடம் போதாதபோது ஒரு பகுதியைக் கணினியின் ரேமில் வைத்துக்கொண்டு தொடரும் ஏற்பாட்டைப் பெற்றிருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, படமும் சரியாகவே வரும். ஆனால் நேற்று இரண்டு நிமிடத்தில் முடிந்த ஃபிரேம், இரண்டு மரங்களைக் கூடுதலாக வைத்தவுடன் இன்று பதினைந்து நிமிடம் எடுக்கும். பொருள்கள் சிறிது கூடியதற்கு நேரம் பல மடங்கு கூடியிருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உறுதிப்படுத்திக்கொள்ள, ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சாளரத்தில் இந்தக் கட்டளையை ஓடவிடலாம்; ஐந்து விநாடிக்கு ஒரு முறை கார்டின் நிலையைக் காட்டும்.

```
nvidia-smi --query-gpu=memory.used,memory.total,power.draw,temperature.gpu --format=csv -l 5
```

பயன்பாட்டில் உள்ள நினைவகம் மொத்த அளவை ஒட்டியே நிற்க, மின்பயன்பாடு மட்டும் வழக்கத்தைவிட மிகவும் தாழ்ந்திருந்தால், கார்டு கணக்குப் போடுவதைவிடத் தரவுக்காகக் காத்திருக்கவே அதிக நேரம் செலவிடுகிறது என்று பொருள்.

என்னால் 6 ஜிபி கார்டுதான் வாங்க முடியும். மேலே சொன்ன அறைக் காட்சியை நான் கைவிட வேண்டியதுதானா?

தேவையில்லை. அந்தக் கணக்கைத் திரும்பப் பார்த்தால் எங்கே வெட்டலாம் என்பது தெளிவாகிறது. கதாபாத்திரங்களின் முகம் திரையை நிறைக்கும்போது 4கே பயன்படும். பின்னணிச் சுவரும் திரைச்சீலையும் 1920 × 1080 அளவுள்ள இறுதிப் படத்தில் ஒருபோதும் அவ்வளவு நுணுக்கமாகத் தெரியப்போவதில்லை. அறையின் 60 படங்களையும் 2கே ஆக்கினால் 3840 எம்பி என்பது 960 எம்பியாகச் சுருங்குகிறது. ஒரே முடிவில் 2.8 ஜிபி மிச்சமாகி, மொத்தத் தேவை 5 ஜிபியை ஒட்டி இறங்கிவிடுகிறது. பார்ப்பவர் எவரும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

படங்களை ஒவ்வொன்றாக மாற்ற நேரமில்லை என்றால், ரெண்டர் அமைப்புகளில் உள்ள `Simplify` பகுதியில் `Texture Limit` என்பதை 2048 என்று வைக்கலாம். ஆனால் அது முகத்தின் டெக்ஸ்சரையும் சேர்த்தே குறைத்துவிடும் என்பதால், முகம் அருகில் வரும் காட்சிகளில் கையால் மாற்றுவதையே நான் விரும்புவேன். சொரசொரப்பு, மேடுபள்ளம் போன்ற படங்களை வண்ணப் படமாகச் சேமிக்காமல் ஒற்றை நிறத்தடமுள்ள சாம்பல் படமாகச் சேமித்தால் அவை நான்கில் ஒரு பங்கு இடத்திலேயே அமரும். இது பலரும் கவனிக்காமல் விடும் சேமிப்பு.

கடைசியாக, பிளெண்டர் சாளரத்தை மூடிவிட்டுக் கட்டளை வழியாக ரெண்டர் செய்யுங்கள். வியூபோர்ட் பிடித்துவைத்திருந்த நினைவகமும் ரெண்டருக்கே கிடைக்கும்.

```
blender -b arai.blend -E CYCLES -s 1 -e 720 -a -- --cycles-device OPTIX
```

30 விநாடிக்கு, விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் 720 ஃபிரேம்கள். ஃபிரேமுக்கு இரண்டு நிமிடம் என்றால் 24 மணி நேரம். வீடியோவாக எழுதாமல் தனித்தனிப் படங்களாக எழுதச் செய்தால், மின்சாரம் போனாலும் விட்ட எண்ணிலிருந்து தொடரலாம்.

இரண்டு 6 ஜிபி கார்டு போட்டால் 12 ஜிபி ஆகுமா?

பொதுவாக ஆகாது. இரண்டு கார்டுகளும் காட்சியின் முழுப் பிரதியைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும். வேகம் கூடும், வரம்பு 6 ஜிபியிலேயே நிற்கும்.

லேப்டாப்பில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060உம் டெஸ்க்டாப் 3060உம் ஒன்றுதானே?

பெயர் மட்டுமே ஒன்று. டெஸ்க்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 3060 பரவலாக 12 ஜிபி நினைவகத்தோடு வந்தது. லேப்டாப் 3060இல் இருப்பது 6 ஜிபி. இந்த இடைவெளியில்தான் நம் அறைக் காட்சி ஒன்றில் ஏறி மற்றொன்றில் நிற்கிறது. 4070இலும் இதே கதைதான், டெஸ்க்டாப்பில் 12 ஜிபி, லேப்டாப்பில் 8 ஜிபி. 4060இல் இரண்டு பக்கமும் 8 ஜிபி. ஆகவே லேப்டாப்பில் 4060க்கும் 4070க்கும் நடுவே தயங்குகிறவர்கள், கூடுதல் பணம் வேகத்துக்கு மட்டுமே போகிறது, நினைவகம் ஒரு எம்பிகூடக் கூடுவதில்லை என்பதை அறிந்து முடிவெடுக்க வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவருக்கு 4060 போதும், மிச்சப் பணம் ரேமுக்குப் போகட்டும் என்பது என் கருத்து.

டெஸ்க்டாப் கார்டுகளுக்குள்ளேயும் இந்த மயக்கம் இருக்கிறது. 3060க்குப் பின்னாளில் 8 ஜிபி வடிவம் ஒன்று வந்தது. அதில் நினைவகப் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைக்கப்பட்டது. 3050இன் 6 ஜிபி வடிவத்தில், 8 ஜிபி வடிவத்தைவிடக் கணிப்பு அலகுகளும் குறைவு. 4060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு விதமாக வருகிறது. பெட்டியின் மேல் உள்ள பெயரோடு ஜிபி எண்ணையும் சேர்த்துப் படிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு லேப்டாப்பிலும் ஒரே கார்டு, ஒரே ஜிபி. ஒன்று மட்டும் ஏன் மலிவாக இருக்கிறது?

பல நேரங்களில் காரணம் மின்சார வரம்பு. லேப்டாப்புக்கான ஒரே சிப்பை எத்தனை வாட்டில் ஓட்டுவது என்பதை லேப்டாப் நிறுவனமே தீர்மானிக்கிறது. லேப்டாப் 4060க்கு என்விடியா தரும் வரம்பு 35 முதல் 115 வாட் வரை. மெல்லிய உடலுக்குள் குறைந்த வாட்டில் அடைக்கப்பட்ட 4060, தடித்த உடலில் முழு வாட்டில் ஓடும் 4050ஐவிடக்கூட மெதுவாக இருக்கக்கூடும். விளம்பரத்தில் இந்த எண் பெரும்பாலும் முன்னால் நிற்பதில்லை. விவரக்குறிப்புப் பக்கத்தின் அடியில் அதிகபட்ச கிராபிக்ஸ் மின்திறன் என்ற பொருளில் தேட வேண்டும். கணினியைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பிருந்தால், என்விடியா கண்ட்ரோல் பேனலின் `System Information` பக்கத்தில் `Maximum Graphics Power` என்ற வரியில் காணலாம்.

காகிதத்தில் உள்ள வாட் ஒன்று, நீண்ட நேரம் தாங்கும் வாட் இன்னொன்று. விளையாட்டில் சுமை ஏறி இறங்கும்; ரெண்டரில் மணிக்கணக்காக ஒரே உச்சத்தில் நிற்கும். அதனால் ஐந்து நிமிடச் சோதனை எதையும் சொல்லாது. ஒரே மாதிரியான 40 ஃபிரேம்களை அடுத்தடுத்து ரெண்டர் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஃபிரேம் 50 விநாடியும் முப்பதாவது ஃபிரேம் 54 விநாடியும் எடுத்தால் அது நல்ல குளிரூட்டல். முப்பதாவது ஃபிரேம் 80 விநாடிக்கு வந்திருந்தால் வெப்பத்துக்கு அஞ்சி கார்டு தன்னைக் குறைத்துக்கொள்கிறது. நீங்கள் விலை கொடுத்த வேகம் முதல் சில நிமிடங்களுக்கு மட்டுமே உங்களுடையது. பின்புறத்தைச் சிறிது உயர்த்தி வைப்பதும் விசிறியின் வழியில் படிந்த தூசியை அகற்றுவதும் ஓரளவு உதவும், அடிப்படை வடிவமைப்பை மாற்றாது. சோதனையை எப்போதும் மின்இணைப்பில் வைத்தே செய்யுங்கள், ஏனென்றால் பேட்டரியில் பெரும்பாலான லேப்டாப்புகள் கார்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன.

லேப்டாப்புக்குச் சாதகமான ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பெரும்பாலான மாடல்களில் திரையைச் செயலிக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸே நடத்துகிறது; அதனால் தனிக் கார்டின் நினைவகம் ஏறக்குறைய முழுமையாக ரெண்டருக்கு மிஞ்சுகிறது. டெஸ்க்டாப்பிலும், செயலியில் கிராபிக்ஸ் இருந்தால், மானிட்டரின் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகி இதே பலனைப் பெறலாம்.

நான் ரெண்டர் செய்வது குறைவு, அசைவு அமைப்பதுதான் முழு வேலை. கதாபாத்திரத்தை ஓடவிட்டால் விநாடிக்கு 9 ஃபிரேம்தான் வருகிறது. பெரிய கார்டு வாங்கினால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகாது. அனிமேட்டர்கள் பணத்தை வீணாக்கும் இடங்களில் இதுவே பெரியது என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு ஃபிரேமிலும் எலும்புகள் எங்கே இருக்க வேண்டும், கட்டுப்பாடுகள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன, அதற்கேற்பத் தோலின் ஒவ்வொரு முனையும் எங்கே நகர வேண்டும் என்பதையெல்லாம் பிளெண்டரில் செயலியே கணக்கிடுகிறது. விநாடிக்கு 24 ஃபிரேம் வேண்டுமானால் இவ்வளவும் ஏறத்தாழ 41 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும். எலும்பு ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருப்பதால் ஒரு கணக்கு முடியாமல் அடுத்ததைத் தொடங்க முடியாத நிலை அடிக்கடி வரும். அப்போது பதினாறு கோர்கள் இருந்தாலும் ஒன்றிரண்டு மட்டுமே உழைக்க, மற்றவை காத்திருக்கும். ஆகவே இந்த வேலைக்குக் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம்.

எது தடையாக இருக்கிறது என்பதைச் சில நிமிடங்களில் கண்டறியலாம். முதலில் டைம்லைனின் `Playback` பட்டியலில் `Play Every Frame` என்பதைத் தேர்ந்துகொண்டு ஓடவிட்டு, வியூபோர்ட்டின் மேல் மூலையில் தெரியும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காட்சியமைப்பை `Solid` நிலைக்கு மாற்றி, சாளரத்தையும் பாதியாகச் சுருக்கி மீண்டும் ஓடவிடுங்கள். வேகம் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. அதே 9இல் நின்றால் செயலியே தடை. அப்படியானால் அடுத்து `Simplify` பகுதியில் வியூபோர்ட்டுக்கான `Max Subdivision` அளவைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். உடனே 24ஐத் தொட்டுவிட்டால் பிரச்சினை கணினியிலேயே இல்லை, வடிவத்தைத் தேவையின்றி மென்மையாக்கிக்கொண்டே அசைவு அமைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு படிநிலையும் முகங்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்குகிறது. அதைக் குறைத்தும் வேகம் ஏறவில்லை என்றால் மட்டுமே, ஒற்றைக் கோர் வேகம் கூடிய செயலிக்குச் செலவிடுவதில் பொருள் இருக்கிறது.

2டி அனிமேஷன் மட்டும் செய்கிறேன்.

கார்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். செயலியோடு வரும் கிராபிக்ஸே பெரும்பாலும் போதும். பணத்தை ரேமிலும் திரையிலும் வரைபலகையிலும் போடுங்கள். கிரிட்டா போன்ற மென்பொருளில் 1920 × 1080 அளவுள்ள ஒரு முழு ஃபிரேம், ஒரு லேயருக்கு 8 எம்பியை ஒட்டி எடுத்துக்கொள்ளும். பத்து விநாடிக் காட்சியில் ஃபிரேம்தோறும் வரைந்த ஐந்து லேயர்கள் இருந்தால் 10 ஜிபியை நெருங்கிவிடும். 16 ஜிபி ரேம் தொடக்கம், 32 ஜிபி நிம்மதி.

ஏஎம்டி, இன்டெல் கார்டுகள் விலை குறைவாக அதிக ஜிபி தருகின்றன. வாங்கலாமா?

பிளெண்டர் மட்டுமே உங்கள் கருவி என்றால் வாங்கலாம், ஆனால் சரிபார்த்த பிறகு. சைக்கிள்ஸ், என்விடியாவுக்கு ஆப்டிக்ஸ், ஏஎம்டிக்கு ஹிப், இன்டெல் ஆர்க்குக்கு ஒன்ஏபிஐ, ஆப்பிளுக்கு மெட்டல் என்று தனித்தனிப் பாதைகளை வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் எந்தத் தலைமுறைக் கார்டிலிருந்து இயங்கும் என்பது பிளெண்டரின் கையேட்டில் இருக்கிறது. பழைய ஏஎம்டி கார்டு வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது, ஏனென்றால் பிளெண்டர் 3.0இல் ஓப்பன்சிஎல் ஆதரவு நீக்கப்பட்டபோது அவற்றில் பல சைக்கிள்ஸுக்குப் பயனற்றுப் போயின. வேகத்தை ஒப்பிட opendata.blender.org தளத்தில் பயனர்கள் தங்கள் கணினிகளில் எடுத்த அளவீடுகள் கார்டு வாரியாகக் கிடைக்கின்றன. லேப்டாப் வடிவங்கள் அங்கே தனியாகவே குறிக்கப்பட்டிருக்கும்.

நாளை ஒரு ஸ்டுடியோவில் வேறு மென்பொருளில் வேலை செய்ய நேரிடும் என்றால் கணக்கு மாறுகிறது. ஆர்னால்டின் கார்டு வழி ரெண்டரும், விண்டோஸில் ஆக்டேனும் என்விடியாவை எதிர்பார்க்கின்றன. அந்தச் சாத்தியம் இருப்பவர்களுக்கு, ஜிபி சிறிது குறைந்தாலும் என்விடியாவே பாதுகாப்பான தேர்வு.

வீட்டில் ஒரு பழைய அலுவலகக் கணினி இருக்கிறது. அதில் கார்டு மட்டும் போட்டால் போதுமா?

மின்வழங்கியைத் திறந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். டெஸ்க்டாப் 3060 உச்சத்தில் 170 வாட் வரை இழுக்கும், அதற்கு மின்வழங்கியிலிருந்து தனியாக ஓர் இணைப்பு வேண்டும். அந்தக் கார்டுக்கு 550 வாட் மின்வழங்கி பரிந்துரைக்கப்படுகிறது. அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் அதில் பாதியளவே இருக்கும், தனி இணைப்பும் இருக்காது. பெட்டியின் உள்நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். மின்வழங்கியை மாற்ற இயலாத வடிவம் என்றால், 70 வாட்டில், பெரும்பாலான மாடல்களில் கூடுதல் இணைப்பே இல்லாமல் ஓடும் 3050இன் 6 ஜிபி வடிவம் ஒரு வழி. அதன் வேகம் சுமார்தான், ஆனாலும் பழைய செயலியைக் கொண்டு ரெண்டர் செய்வதோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம்.

பயன்படுத்திய கார்டு வாங்குவது ஆபத்தா?

சோதித்து வாங்கினால், குறைந்த செலவில் அதிக நினைவகம் பெற அதுவே சிறந்த வழி. 12 ஜிபி 3060ஐ இப்படித் தேடுவதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். விற்பவரின் முன்னிலையில் அரை மணி நேரம் ஒரு கனமான காட்சியைத் தொடர்ந்து ரெண்டர் செய்யுங்கள், காட்சி கார்டின் நினைவகத்தை ஏறக்குறைய நிறைப்பதாக இருக்கட்டும். பழுதான நினைவகச் சில்லு காலியாக இருக்கும்போது தன்னைக் காட்டிக்கொள்ளாது. நிறையும்போதுதான் திரையில் வண்ணப் புள்ளிகளாகவோ டிரைவர் திடீரென்று அறுந்துபோவதாகவோ வெளிப்படும். மேலே தந்த `nvidia-smi` கட்டளையில் மொத்த நினைவகம் விற்பவர் சொன்ன அளவோடு பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விசிறி தள்ளாடுவது, உராய்வது போன்ற குறைகளை மாற்றிச் சரிசெய்யலாம். அவற்றை விலை குறைக்கும் காரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

ரேம், திரை, வட்டு எதையாவது குறைத்துக்கொள்ளலாமா?

வட்டை முதலில் சிறியதாகவே வாங்கலாம், பிறகு வெளிவட்டு சேர்த்துக்கொள்ளலாம். ரேமை 16 ஜிபிக்குக் கீழே இறக்காதீர்கள், முடிந்தால் 32; காட்சி கார்டுக்குப் போகும் முன் ரேமில்தான் தயாராகிறது. லேப்டாப் என்றால் ரேம் பற்றவைக்கப்பட்டதா, செருகு துளை காலியாக இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். துளை இருந்தால் 16இல் தொடங்கிப் பின்னர் கூட்டலாம், பற்றவைத்தது என்றால் இன்றே முடிவு செய்ய வேண்டும்.

மலிவு லேப்டாப்புகளில் சத்தமில்லாமல் குறைக்கப்படுவது திரை. விவரக்குறிப்பில் 45% என்டிஎஸ்சி என்று இருந்தால் அந்தத் திரை நிறங்களை வெளுத்துக் காட்டும். நீங்கள் அதை நம்பி நிறத்தை ஏற்றினால், மற்றவர்களின் திரையில் படம் அளவுக்கு மீறிப் பளிச்சிடும். 100% எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதைத் தேடுங்கள். கார்டு நன்றாக இருந்து திரை மட்டும் சரியில்லை என்றால், வேலை மேசைக்குத் தனி மானிட்டர் ஒன்று வாங்கிக்கொள்வதும் நல்ல வழியே.

அப்படியானால் கடைசியில் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

வேலை ஒரே இடத்தில் நடக்கும் என்றால் டெஸ்க்டாப். அதே பணத்தில் இரு மடங்கு கிராபிக்ஸ் நினைவகம் கிடைப்பது சாத்தியம், ரெண்டர் இரவு முழுவதும் ஓடினாலும் வெப்பத்தைத் தாங்கும், பிறகு கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வகுப்புக்கோ ஸ்டுடியோவுக்கோ கணினியைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தால் லேப்டாப்தான்; அதில் 8 ஜிபி 4060, குறைந்தது 80 வாட், கூட்டக்கூடிய ரேம் என்ற மூன்றும் ஒன்றாக அமையும் தடித்த மாடலைத் தேடுங்கள். அந்த மூன்றும் பட்ஜெட்டுக்குள் அடங்காவிட்டால் நான் முதலில் விட்டுக்கொடுப்பது வாட்டை. 8 ஜிபி என்பதை விட்டுக்கொடுத்து 6 ஜிபிக்கு இறங்குவது கடைசித் தேர்வாக இருக்கட்டும். 4 ஜிபி லேப்டாப் கார்டுகளை, விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும், 3டி ரெண்டருக்காக வாங்க வேண்டாம்.